அப்பத்தாவின் ‘க்’: முந்நூறு வாழ்த்து அட்டைகள் அச்சடித்த கதை

2019ஆம் ஆண்டுச் சித்திரைப் பிறப்புக்கு முந்நூறு வாழ்த்து அட்டைகள் அச்சடிக்கப் போனேன். வீட்டுக்கு அறுநூறு வந்து சேர்ந்தன. கைப்பணம் எழுபத்தெட்டாயிரம் கியாட் போனது, அதாவது அப்போதைய என் மாதச் சம்பளத்தில் கால்பங்கு. அப்பத்தா இரண்டு வாரத்துக்கு மேல் என்னோடு சரியாகப் பேசவில்லை. இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு ‘க்’. தமிழ் படிக்கத் தெரியாத அச்சகத்தில் தமிழ் அச்சடிக்கப் போகிறவர்களுக்கும், வீட்டில் தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறவர்களுக்கும் இது உதவும் என்று எழுதுகிறேன். எனக்கு முன்னால் யாராவது எழுதியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

எங்கள் வீடு ரங்கூனில். ஊர் பெயர் யாங்கோன் என்று மாறி வெகுகாலம் ஆகிவிட்டாலும் வீட்டில் இன்னும் ரங்கூன்தான். அப்பாவுக்குத் தெயின்ஜி சந்தையில் மசாலாக் கடை. ஆண்டுதோறும் சித்திரை முதல் தேதிக்குக் கடை வாடிக்கையாளர்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் ஓர் அட்டை போகும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பர்மியம். கீழே கடைப் பெயர், அதற்கு மேலே அப்பத்தாவின் பெயர். அட்டை வேலையைப் பல ஆண்டுகளாகச் சித்தப்பா பார்த்துவந்தார். அவர் மாண்டலேக்கு மாறிப் போனதால் அந்த ஆண்டு என் தலையில் விழுந்தது. நான் சுங்கச் சரக்கு அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். அச்சு வேலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அப்பத்தா பெகுவில் பிறந்தவர். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையாகும் முன்பு அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதற்குப் பிறகு தமிழ் கற்றவர்களில் பெரும்பாலோர் கோயில் வகுப்பிலும் வீட்டிலும்தான் கற்றார்கள். நான் கோயில் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகி, மீதியை இணையத்தில் படித்துத் தேர்ந்தவன். இந்த இரண்டு தமிழும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

மார்ச் 11ஆம் தேதி அப்பத்தா கோடு போட்ட தாளில் வாசகத்தை எழுதித் தந்தார்: ‘இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்’. கீழே ‘விகாரி வருடம்’ என்றும் போடச் சொன்னார். இடம் போதாது என்று அதை விட்டுவிட்டேன். நான் செய்ததில் சரியாகப் போனது அது ஒன்றுதான், அதுவும் எனக்குத் தெரியாமலேயே.

வாசகத்தைக் கைப்பேசியில் யூனிகோடில் தட்டி அச்சகத்து ஆபரேட்டருக்கு வைபரில் அனுப்பினேன். அவர் பர்மியர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ‘அகோ’ என்றுதான் கூப்பிடுவேன். நல்ல வேலைக்காரர், பர்மியம் அச்சடித்தால் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய பழைய வடிவமைப்பு மென்பொருளில் என் தமிழை ஒட்டியதும் எழுத்துகள் உடைந்தன. மூன்று நாள் கழித்து அனுப்பிய மாதிரியில் ‘சித்திரை’யின் ஐகாரக் கொம்பு ‘ர’வுக்கு இடப்பக்கம் இருப்பதற்குப் பதில் வலப்பக்கம் தனியாக நின்றது. ‘டு’ ஒட்டாமல் ‘ட’ ஒரு பக்கமும் அதன் வால் ஒரு பக்கமுமாகக் கிடந்தது. யூனிகோடில் கொம்பு எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத பழைய பதிப்புகள் சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடும். ஆகவே தமிழ் அச்சு மாதிரி கைக்கு வந்தால் முதலில் ஐகாரம், எகரம், ஒகரம் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். கொம்பு தப்பான பக்கம் நின்றால் முழு வாசகமும் உடைந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வோர் எழுத்தாகத் திருத்தச் சொல்லிப் பயனில்லை.

இதற்கு நல்ல தீர்வு, எழுத்துகளை நம் கணினியிலேயே சரியாக அமைத்து, வெறும் கோட்டுருவங்களாக மாற்றி, அந்தக் கோப்பை அப்படியே கொடுப்பது. அப்போது அச்சகத்தில் எழுத்துரு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழாது. எனக்கு அது அன்று தெரியாது. ஆபரேட்டர், “போன முறை உன் சித்தப்பா வேறு மாதிரி கொடுப்பார், ஆங்கில எழுத்து மாதிரி இருக்கும்” என்றார். அதுதான் பாமினி. யூனிகோடுக்கு முந்திய எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கில விசைகள், மேலே போர்த்தியிருப்பது தமிழ் உருவம். அந்த எழுத்துரு அவர் கணினியில் இருந்தது. நானும் வாசகத்தைப் பாமினிக்கு மாற்றினேன்.

மாற்றும்போதுதான் கை சும்மா இருக்கவில்லை. ‘வாழ்த்துக்கள்’ தவறு, ‘வாழ்த்துகள்’தான் சரி என்று அதற்கு முந்திய ஓராண்டில் இணையத்தில் நூறு இடங்களிலாவது படித்திருப்பேன். நண்பர்கள் குழுவில் நானே நாலு பேரைத் திருத்தியும் இருக்கிறேன். இந்த அறிவோடு அப்பத்தாவின் தவற்றை முந்நூறு பேருக்கு அனுப்புவதா? திரையில் இருந்தது இது:

```
tho;j;Jf;fs;
```

இதில் `f` என்பது ‘க’, `;` என்பது புள்ளி. இரண்டும் சேர்ந்தால் ‘க்’. அந்த இரண்டு விசைகளை மட்டும் அழித்தேன்:

```
tho;j;Jfs;
```

அப்பத்தாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் விவாதம் நடந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். சொல்லாததால் மூன்று வாரம் ஆனது. வீட்டில் யார் பெயரில் அட்டை போகிறதோ அவரிடம் வாசகத்தின் கடைசி வடிவத்தைத் தாளில் எழுதிக் காட்டி, அடியில் கையெழுத்தே வாங்கிவிடுங்கள். சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை.

மார்ச் 20ஆம் தேதி அட்டைகள் வந்தன. மஞ்சள் பூசிய வழவழப்பான அட்டையில் கறுப்பு எழுத்து, மாவிலைத் தோரணம். இரண்டு நிறத்துக்கான தகடு, தாள், அச்சு, உறை எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் கியாட். அப்பத்தா கொடுத்த பணம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓர் அட்டையை எடுத்தார், வாய்விட்டுப் படித்தார், கடைசிச் சொல்லில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு கட்டிலிருந்து இன்னோர் அட்டையை எடுத்தார். இந்த ஓர் அட்டையில் மட்டும்தான் இப்படியோ என்று பார்த்திருக்கிறார்.

“அய்யா, ஓர் எழுத்து விழுந்துபோயிருக்கிறது.”

“விழவில்லை, அப்பத்தா. நான்தான் எடுத்தேன். அதுதான் சரி.”

அடுத்து நான் சொன்னதை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. இணையத்தில் எல்லாரும் சொல்லும் அந்த வேடிக்கையை எடுத்துவிட்டேன். “க் போட்டால் குடிக்கிற கள் என்று அர்த்தம் வந்துவிடும், வாழ்த்தாகிய கள் என்று ஆகிவிடும்” என்றேன்.

அப்பத்தா அட்டையைக் கீழே வைத்தார். “பசுக்கள் என்று எழுதுகிறாயே, மாட்டுக்குக் கள் ஊற்றினாயா? பூக்கள் என்று எழுதுகிறாயே, பூவில் எவன் கள் இறக்கினான்?”

எனக்குப் பதில் இல்லை. ஆனாலும் விடவில்லை. படித்தவன் அல்லவா. “அது வேறு விதி, இது வேறு விதி” என்றேன். “என்ன விதி?” என்றார். விதி எனக்குத் தெரியாது. முடிவு மட்டும்தான் தெரியும். அவர் அதைக் கண்டுகொண்டார். “என் பெயரில் இது போகாது. வேண்டுமானால் உன் பெயரைப் போட்டு அனுப்பு” என்று சொல்லிவிட்டு அட்டைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அப்பா இதில் தலையிட மறுத்துவிட்டார். அம்மாவுக்குக் கட்சி கிடையாது. ஒரு லட்சத்து இருபதாயிரம் கியாட் அலமாரிக்குள் இருந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து விதியைப் படித்தேன். நாம் எல்லாரும் முதலில் படித்திருக்க வேண்டியது அது. உகரத்தில் முடியும் சொற்களோடு ‘கள்’ சேரும்போது மூன்று விதமான நிலை இருக்கிறது. பசு, தெரு, குழு போன்ற குறுஞ்சொற்களில் உகரம் முழுதாக ஒலிக்கும். அங்கே பசுக்கள், தெருக்கள், குழுக்கள் என்று க் வருவதில் யாருக்கும் சந்தேகமில்லை. மாடு, வண்டு, மருந்து, கயிறு போன்றவற்றில் க் வராது. மருந்துக்கள் என்று எழுதினால் அது சந்தேகமில்லாமல் தவறு. சண்டை எல்லாம் மூன்றாவது வகையில்தான். கடைசி உகர எழுத்துக்கு முன்னால் வல்லின மெய் நிற்கும் சொற்கள், அதாவது க்கு, ச்சு, ட்டு, த்து, ப்பு, ற்று என்று முடிபவை. வன்தொடர்க் குற்றியலுகரம் என்று பெயர். வாழ்த்து இந்த வகை, எழுத்தும் இந்த வகை.

இந்த வகைக்கு நன்னூல் 181ஆம் நூற்பா, ‘வன்றொடர் அல்லன முன்மிகா அல்வழி’ என்கிறது. அல்வழிப் புணர்ச்சியில் வன்தொடர் அல்லாத மற்ற குற்றியலுகரங்களின் முன் வல்லெழுத்து மிகாது என்பது பொருள். அப்படியானால் வன்தொடர் முன் மிகும். க் போடுகிறவர்கள் இந்த வழியில் நிற்கிறார்கள். எதிர்க்கட்சி சொல்வதும் பொய்யில்லை. இந்த விதி சொல்லோடு சொல் சேர்வதற்கானது. ‘கள்’ தனிச்சொல் இல்லை, பன்மை விகுதி. விகுதிக்கு அந்த விதியை இழுக்க வேண்டியதில்லை என்கிறார்கள். தோப்புகள், வாக்குகள் என்று க் இல்லாமல்தானே பெரும்பாலோர் எழுதுகிறோம். இரண்டு பக்கத்தையும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: ‘வாழ்த்துகள்’ எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, ‘வாழ்த்துக்கள்’ தவறு என்று அடிப்பதற்குப் போதுமான காரணம் இல்லை. கள் வேடிக்கையைச் சொல்லி ஒருவரை மடக்குகிறவர் பெரும்பாலும் விதியைப் படிக்காதவர். நான் அப்படித்தான் இருந்தேன்.

ஏப்ரல் முதல் தேதி இதை அப்பத்தாவிடம் ஒப்புக்கொண்டேன். நூற்பாவையும் படித்துக் காட்டினேன். அவருக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. “நூற்பா இருக்கட்டும். நீ எழுதினதை வாய்விட்டுப் படி” என்றார். படித்தேன். “அக்கா என்று சொல்லும்போது வருகிற க்க வருகிறதா, மகன் என்று சொல்லும்போது வருகிற க வருகிறதா?” மறுபடி சொல்லிப் பார்த்தேன். வாயில் வந்தது அக்காவில் வருகிற க்க. அட்டையில் இருந்தது மகனில் வருகிற க. “நீயே சொல்லாத ஒன்றை என் பெயரில் எதற்கு எழுதுகிறாய்?” என்றார்.

இதற்கு இணையத்தில் யாரும் பதில் எழுதி நான் பார்க்கவில்லை. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே தனியாக நிற்கும் ககரம் மெலிந்துதான் ஒலிக்கும். க் எடுத்தால் எழுத்து மட்டும் போவதில்லை, ஒலியும் மாறுகிறது. இலக்கண வாதத்தில் இதற்கு எவ்வளவு எடை என்பது வேறு விஷயம். ஆனால் அட்டை வாங்குகிறவர் வாய்விட்டுப் படிக்கப் போகிற வாசகத்துக்கு இது ஒரு நியாயமான கேள்வி.

சரி, க் போட்டே மறுபடி அச்சடிப்போம், செலவு என்னுடையது என்றேன். அதற்குள் நேரம் ஓடிவிட்டது. இங்கே நம் சித்திரைப் பிறப்பும் பர்மியரின் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவும் ஒன்றாக வரும். ஏப்ரல் 13 முதல் தெருவில் தண்ணீர் ஊற்றத் தொடங்குவார்கள், அச்சகத் தொழிலாளர்கள் அதற்குச் சில நாள் முன்பே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். “ஒன்பதாம் தேதியோடு மூடுகிறோம்” என்றார் ஆபரேட்டர். பர்மாவில் சித்திரைக்கு ஏதாவது அச்சடிக்க வேண்டுமென்றால் மார்ச் நடுவிலேயே எல்லாம் கைக்கு வந்துவிட வேண்டும். ஏப்ரலில் பிழை திருத்த நாள் கிடையாது.

மஞ்சள் தகட்டை மாற்ற வேண்டியதில்லை. கறுப்புத் தகடு மட்டும் புதிது. பன்னிரண்டாயிரம். தாளும் அச்சும் அறுபத்தாறாயிரம். பழைய உறைகளே போதும். அவசரத்தில் புதிய கோப்பு அனுப்பாமல் தொலைபேசியிலேயே திருத்தம் சொன்னேன். “கடைசிச் சொல்லில் பெரிய ஜேக்கு அடுத்து ஓர் எஃப் இருக்கிறதா? அதற்கு முன்னால் ஓர் எஃப்பும் ஒரு செமிகோலனும் சேருங்கள்.” சேர்த்துவிட்டதாகச் சொல்லி வைபரில் படம் அனுப்பினார். நான் அப்போது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். படத்தைப் பார்த்தேன். ககரம் இரண்டு இருந்தன. “சரி, அடியுங்கள்” என்று பதில் அனுப்பினேன்.

ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை மாலை ஆபரேட்டரே வீட்டுக்குக் கட்டைக் கொண்டுவந்தார். அவர் வீடும் எங்கள் பக்கம்தான். அப்பத்தா ஓர் அட்டையை எடுத்தார், படித்தார், இந்த முறை எதுவும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார்.

‘வாழ்த்துககள்’.

எஃப் சேர்ந்திருந்தது. செமிகோலன் இல்லை. ஆபரேட்டர் விளக்கினார்: சேர்த்தபோது இரண்டும் இருந்தன, பிறகு கோப்பை ஒழுங்கு செய்யும்போது நடுவில் நின்ற செமிகோலன் தவறி விழுந்த குறி என்று நினைத்து எடுத்துவிட்டாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணுக்கு அது நிறுத்தற்குறி, எங்களுக்கு அது எழுத்து. பாமினியில் வேலை செய்தால் இந்த அபாயம் எப்போதும் உண்டு. ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் தட்டினால் வாக்கியத்தின் முதல் எழுத்தை அதுவே பெரிய எழுத்தாக்கிவிடும். `r` என்று இருக்கும் ‘ச’ `R` ஆகி ‘சு’ என்று மாறிவிடும். ஆகவே மொழி தெரியாதவரிடம் விசையைச் சொல்லித் திருத்தச் சொல்லாதீர்கள். சரியான சொல்லைப் பெரிதாகத் தாளில் எழுதி, மாறவேண்டிய இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டு, அச்சான மாதிரியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் உருவம் தெரியும்.

என் பிழை இதைவிடப் பெரியது. அட்டையில் எழுத்தின் உயரம் நாலு மில்லிமீட்டர். புள்ளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைக் கைப்பேசித் திரையில் சுருக்கிப் பார்த்துச் சம்மதம் சொல்லியிருக்கிறேன். அசல் அளவில் ஒரே ஒரு தாளை அவர் அச்சிட்டுக் காட்டும்வரை தகடு செய்யச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு நாள் தாமதமாகியிருக்கும், எழுபத்தெட்டாயிரம் மிஞ்சியிருக்கும். அந்தத் தாளைப் படிக்கும்போதும் வாசகமாகப் படிக்கக் கூடாது. கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு வர வேண்டும். முன்னாலிருந்து படித்தால் மனம் விட்டுப்போன புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, அப்பத்தா ஆபரேட்டருக்குத் தேநீர் கொடுத்தார். என்ன பிரச்சினை என்று அவர் கேட்டார். அப்பத்தா முதல் அட்டையையும் இரண்டாவது அட்டையையும் பக்கத்தில் வைத்து, முதலில் தனிக் க, பிறகு க்க என்று இரண்டையும் சொல்லிக் காட்டினார். அவர் கவனமாகக் கேட்டார். பர்மிய மொழியிலும் இப்படி உண்டு என்றார். பேச்சு என்று பொருள்படும் அவர்கள் சொல்லில் எழுதுவது வல்லோசைக் ககரம். வாயில் வருவது மெல்லோசை. “நாங்கள் எழுத்தை மாற்றுவதில்லை. படிக்கிறவனுக்குத் தெரியும்” என்றார். இது என் கட்சிக்குச் சாதகமான வாதம். மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆதரவாளர், ஒரு தமிழ் எழுத்துக்கூடத் தெரியாதவர். எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மூன்றாவது முறை அடிக்க நாளும் இல்லை, பணமும் இல்லை. அப்பத்தாதான் வழி சொன்னார். “புள்ளிதானே குறைகிறது. வைத்துவிட்டால் போச்சு. நீ வை.”

ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல்தான் பெரும்பாலும் எழுதினார்கள். அந்தக் காலத்தில் என் அட்டை பிழையில்லாமல் கரையேறியிருக்கும். 2019இல் முந்நூறு புள்ளி வைக்க வேண்டியிருந்தது, அதுவும் நான் எதிர்த்த சொல்லை உண்டாக்குவதற்கு. வழவழப்பான அட்டை மையை உறிஞ்சாது. சாதாரண ஜெல் பேனாவில் தொடங்கிப் பதினோர் அட்டைகளைத் தீற்றிக் கெடுத்த பிறகுதான் அது தெரிந்தது. நுனி மெலிந்த, அழியாத கறுப்பு மார்க்கர் வாங்கி வந்தேன். அடுத்து, எல்லாப் புள்ளியும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்று அம்மாவின் பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றில் துளையிட்டு அட்டை ஓரத்தோடு பொருத்தினேன். ஆறு அட்டையில் புள்ளி ககரத்தின் தோளில் விழுந்தது. வெட்டும் இயந்திரம் எல்லா அட்டையையும் மயிரிழை பிசகாமல் வெட்டாது. ஓரம் ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருக்கும். ஓரத்தை நம்பாமல் பிலிமில் ககரத்தின் உருவத்தையே வரைந்து, அச்சான எழுத்தின்மேல் அதைப் பொருத்திய பிறகு சரியாக வந்தது. தவறிப்போன பதினேழு நீங்கலாக இருநூற்று எண்பத்து மூன்று அட்டைகள். காயும்வரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாது. கூடம், திண்ணை, கட்டில், அரிசி மூட்டையின் மேல் எல்லாம் மஞ்சளாகப் பரப்பிக் கிடந்தது. அப்பத்தா முழங்காலைப் பிடித்தபடி ஒவ்வொரு வரிசையாக வந்து பார்த்து, “இதில் புள்ளி சாய்ந்திருக்கிறது” என்று சொல்லிப் போனார். அவர் என்னோடு முன்போலப் பேசத் தொடங்கியது அன்றுதான் என்பதைப் படுக்கப் போகும்போது கவனித்தேன்.

திங்கட்கிழமை அட்டைகள் போயின. மோல்மேனுக்கும் தட்டோனுக்கும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினோம். சென்னை வியாசர்பாடியில் இருக்கும் உறவுகளுக்கு, விமானத்தில் போன ஒருவர் பையில் வைத்து அனுப்பினோம். கையால் வைத்த புள்ளி என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

க் இல்லாத முதல் முந்நூறில் நாற்பதை என் நண்பர்களுக்குக் கொடுத்தேன். மீதி பிஸ்கட் டின்னில் இருந்தது. 2020 சித்திரையில் கொரோனாவால் திஞ்ஞான் கொண்டாட்டமே ரத்தானது, அச்சகமும் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்காவது அட்டை கொடுக்க வேண்டும் என்று அப்பத்தா டின்னைக் கேட்டார். ‘விகாரி வருடம்’ அச்சிடாமல் விட்டது அப்போதுதான் கைகொடுத்தது. சார்வரிக்கும் அதே அட்டை செல்லும். இருபது அட்டைகளை எண்ணி எடுத்தார். என் மார்க்கரையும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றிலும் ‘து’வுக்கும் ‘க’வுக்கும் நடுவே கீழிருந்து ஒரு சிறு கூரை போட்டு, மேலே அழகாகக் ‘க்’ என்று எழுதினார், வாத்தியார் கட்டுரை நோட்டில் திருத்துவது போல.

எதிர்வீட்டு அக்கா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: “என்ன தம்பி, எவ்வளவு மதிப்பெண் போட்டார்கள்?”